விடைபெறும் மாலைக்கு எட்டுப் பாட்டு: சுருதி இறக்கி, சரணம் குறைத்து, கூடிப் பாட

ஆபீஸ் நண்பர் ஒருவர் விடைபெறும் மாலையில் தொண்ணூறுகளின் பாட்டு போடலாம் என்று முடிவானதும், எல்லோரும் முதலில் பட்டியல் போடத்தான் உட்காருவார்கள். அது அரை மணி நேர வேலை. அந்தப் பாட்டுகளை நாற்பது பேர் சேர்ந்து வாய்விட்டுப் பாடும்படி செய்வதற்குத்தான் ஒரு முழு நாள் வேண்டும். ஒலித்தட்டில் இருக்கும் அதே வடிவில் போட்டால், பல்லவிக்குக் கூட்டம் சேர்ந்து பாடும், சரணம் மேலே ஏறும்போது ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள், இரண்டாவது இடையிசை வரும்போது பேச்சு தொடங்கிவிடும். இது பாட்டின் குறையல்ல. தேர்ந்த பாடகர் ஒருவரின் குரலுக்கு வைத்த சுருதி அது. கேட்பதற்கென்று அமைத்த நீளம் அது. கூடிப் பாட வேண்டுமானால் இரண்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பதிவில் உள்ள கணக்கு நாற்பது பேர், முக்கால் மணி நேரம், எட்டுப் பாட்டு என்ற அளவுக்கானது. கையில் ஒரு லேப்டாப், ஆடாசிட்டி மென்பொருள், தன் ஆம்ப்ளிஃபயரோடு வரும் பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சிறிய மிக்சர், இரண்டு மைக். சுருதி பார்க்க ஒரு சின்ன கீபோர்டு, இல்லையென்றால் போனில் கீபோர்டு ஆப்.

பட்டியலைப் பற்றிச் சுருக்கமாக. பிரிவு என்றவுடன் நினைவுக்கு வரும் பாட்டுகளில் பாதி தொண்ணூறுகளைச் சேர்ந்தவையே அல்ல. ‘பசுமை நிறைந்த நினைவுகளே’ 1963. ‘மனசே மனசே’ 2002. ‘ஞாபகம் வருதே’ 2004. மாலைக்குத் தொண்ணூறுகள் என்று பெயர் வைத்துவிட்டால், இவற்றைத் தனியாக ஒதுக்கி, கடைசியில் யாராவது கேட்டால் மட்டும் போடுவது நல்லது. அந்தப் பத்தாண்டுக்கே உரியவை நிறைய இருக்கின்றன. ‘முஸ்தபா முஸ்தபா’ (காதல் தேசம், 1996) கூட்டமாகப் பாடி முடிக்க ஏற்றது. ‘காட்டுக்குயிலு’ (தளபதி, 1991) யேசுதாஸும் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் மாறி மாறிப் பாடியது என்பதால், கூடத்தை வலது பக்கம் இடது பக்கம் என்று பிரித்துவிடலாம். கடிதமாகவே நகரும் ‘நலம் நலமறிய ஆவல்’ (காதல் கோட்டை, 1996) ஊர் மாறிப் போகிறவருக்குப் பொருந்தும். ‘சின்னச் சின்ன ஆசை’ (ரோஜா, 1992) மின்மினி தனியாகப் பாடியது. கூடத்துப் பெண்கள் தொடங்கிவைக்க நன்றாக அமையும்.

கோப்புகளைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றையும் குரல் நுழையும் இடம் வரைக்குமாவது கேட்டுவிட வேண்டும். ரோஜா போன்ற படங்களின் பாட்டுகள் வேறு மொழிகளிலும் வந்திருக்கின்றன. முகப்பிசை ஒன்றுபோலவே இருக்கும், குரல் வந்த பிறகுதான் மொழி தெரியும். ‘போறாளே பொன்னுத்தாயி’ (கருத்தம்மா, 1994) போல ஒரே பல்லவியில் மகிழ்ச்சிக்கு ஒன்று, துயரத்துக்கு ஒன்று என இரண்டு வடிவங்கள் உள்ள பாட்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். அதில் உன்னி மேனனும் சுஜாதாவும் பாடியது ஒன்று. ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த துயர வடிவம் இன்னொன்று. கோப்பின் பெயர் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். விடைபெறுகிறவர் முன்னால் அந்த இரண்டாவது ஒலித்தால் கூடத்தின் முகமே மாறிவிடும்.

சுருதி

ஒரு பாட்டை எவ்வளவு இறக்குவது என்பதைப் பாட்டின் தொடக்க சுருதியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பாட்டில் குரல் தொடும் மிக உயர்ந்த ஸ்வரம் எது என்று பார்க்க வேண்டும். அது அநேகமாகச் சரணத்தின் மூன்றாவது நான்காவது வரியில் இருக்கும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதே ஸ்வரத்தை வாயால் முனகிக்கொண்டே கீபோர்டில் தேடினால் கிடைத்துவிடும். பயிற்சி இல்லாத ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டம் சிரமப்படாமல் தொடக்கூடிய மேல் எல்லை 2 கட்டை, அதாவது கீபோர்டின் D. ஆண்களுக்கு அது கீபோர்டின் நடு C-க்கு மேலே உள்ள 2 கட்டை, பெண்களுக்கு அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. அதைத் தாண்டினால் கத்துவார்கள், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இங்கேதான் கட்டைக் கணக்கு காலை வாரும். ஆடாசிட்டியின் Change Pitch பெட்டி கேட்பது கட்டையை அல்ல, செமிடோன் எண்ணிக்கையை. கீபோர்டில் C-யில் தொடங்கி அடுத்தடுத்த கட்டைகளின் வரிசை 1, 1½, 2, 2½, 3, 4, 4½, 5, 5½, 6, 6½, 7 என்று போகும், ஒவ்வொரு படியும் ஒரு செமிடோன். 3-க்கும் 4-க்கும் நடுவே அரைக்கட்டை கிடையாது. அதனால் 3-லிருந்து 2-க்கு இறங்குவது இரண்டு செமிடோன், 4-லிருந்து 3-க்கு இறங்குவது ஒரே ஒரு செமிடோன். இரண்டையும் ‘ஒரு கட்டை’ என்றுதான் வாயால் சொல்கிறோம்.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆண் குரல், சரணத்தில் தொடும் உச்சம் 4 கட்டை. அதை 2 கட்டைக்குக் கொண்டுவர வேண்டும். ‘இரண்டு கட்டை, அப்படியென்றால் நாலு செமிடோன்’ என்று மனக்கணக்குப் போட்டு −4 கொடுத்தால் தவறு. 4-லிருந்து 3, 2½, 2 என்று விரலை வைத்து எண்ணினால் மூன்று படிதான் வரும். பெட்டியில் −3 போட வேண்டும். ஒரு செமிடோன்தானே என்று விட்டுவிட முடியாது. அந்த ஒன்று கூடுதலாக இறங்கினால் பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் பெண்களுக்கு எட்டாமல் போய்விடும், பாட்டு முணுமுணுப்பாகிவிடும். ஆகவே இறக்கிய பிறகு பல்லவியின் மிகத் தாழ்ந்த இடத்தையும் ஒருமுறை பாடிப் பார்க்க வேண்டும். உச்சத்தைச் சரிசெய்தால் அடி போகிறது, அடியைக் காப்பாற்றினால் உச்சம் எட்டவில்லை என்றால், அந்தப் பாட்டு கூட்டத்துக்கானது அல்ல. பல்லவியைக் கூட்டத்துக்கும் சரணத்தை நன்றாகப் பாடும் ஒருவருக்கும் பிரித்துக்கொடுத்துவிடலாம். உன்னிகிருஷ்ணனுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ‘என்னவளே’ (காதலன், 1994) போன்றவற்றை முழுக்கவே தனிப்பாட்டாக வைப்பதுதான் மரியாதை. அதன் சங்கதிகளைக் கூட்டமாகப் பாட முடியாது.

எவ்வளவு இறக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பாடகரின் குரல் உள்ள கோப்பானால் இரண்டு செமிடோன் வரை யாருக்கும் தெரியாது, மூன்றில் குரல் கொஞ்சம் கனத்துவிடும், நான்கில் வேறொருவர் பாடுவது போலாகிவிடும். குரல் இல்லாத கரோக்கி டிராக்கானால் நான்கு வரை தாங்கும், ஆனால் தபேலாவின் ஓசை மந்தமாகிவிடும். Change Pitch பெட்டியில் உயர்தரத்துக்கான குறியீட்டைத் தேர்ந்தால் நேரம் அதிகமாகும், ஆனால் ஓசையின் தரம் கூடும்.

குரல் உள்ளதா, இல்லாததா? கூட்டப் பாட்டுக்குக் குரல் உள்ளதே நல்லது. எங்கே நுழைவது, எங்கே இழுப்பது என்று கூட்டம் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் போகும். கரோக்கி தனியாகப் பாடுகிறவருக்கு மட்டும் போதும்.

யாராவது பத்திரமாக வைத்திருந்த ஒலிநாடாவிலிருந்து பதிவு செய்து கொண்டுவந்தால், அதன் சுருதி எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். டேப் ரெக்கார்டரின் வேகம் பிசகியிருப்பதுதான் காரணம். மூன்று சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறத்தாழ அரை செமிடோன் ஏறிவிடும், தாளமும் அதே அளவு விரையும். எனவே இதை Change Pitch வைத்துத் திருத்தக் கூடாது. வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் Change Speed and Pitch தான் இதற்கு மருந்து. நல்ல பதிவு ஒன்றின் மொத்த நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். 300 விநாடி ஓட வேண்டியது 291 விநாடியில் முடிந்தால், மூன்று சதவீதம் மெதுவாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்கான இறக்கம்.

நீளம்

அந்தக் காலத்துப் படப்பாட்டு பெரும்பாலும் ஐந்து நிமிடத்தை ஒட்டி வரும். முகப்பிசை, பல்லவி, இடையிசை, சரணம், பல்லவியின் முதல் வரி, இரண்டாவது இடையிசை, இரண்டாவது சரணம், மீண்டும் பல்லவி. எட்டுப் பாட்டை முழுசாகப் போட்டால் நாற்பது நிமிடம் பாட்டுக்கே போய்விடும். பேச்சுக்கும் நினைவுகளுக்கும் ஐந்து நிமிடம்தான் மிஞ்சும். மூன்று நிமிடத்துக்குக் குறைத்தால் பாட்டுக்கு இருபத்தைந்து, பேச்சுக்கு இருபது என்று சரியாக அமைகிறது.

எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முதல் சரணத்தின் முடிவும் இரண்டாவது சரணத்தின் முடிவும் பெரும்பாலான பாட்டுகளில் ஒரே மெட்டு, ஒரே தாள முடிப்பு. ஆகவே முதலாவது முடியும் இடத்திலிருந்து இரண்டாவது முடியும் இடத்துக்குத் தாவினால் ஒட்டு தெரியாது. 5:20 ஓடும் ஒரு பாட்டில் முகப்பிசை 35 விநாடி, பல்லவி 40, இடையிசை 35, சரணம் 55. முதல் சரணம் முடிவது 2:45-இல். அதன் பிறகு பல்லவி வரி 15, இடையிசை 40, சரணம் 55 போக, இரண்டாவது சரணம் முடிவது 4:35-இல். 2:45 முதல் 4:35 வரை எடுத்துவிட்டால் 110 விநாடி குறையும். முகப்பிசையில் கடைசி 12 விநாடியை மட்டும் வைத்துக்கொண்டால் இன்னொரு 23 போகும். மீதி 3:07.

முகப்பிசையின் அந்த 12 விநாடி சும்மா வைத்த எண் அல்ல. நிமிடத்துக்கு 80 தட்டு ஓடும் பாட்டில் 16 தட்டுக்கு 12 விநாடி. தாளத்தைப் பிடித்து, மூச்சை எடுத்து, நுழைய அவ்வளவு வேண்டும். நேராகப் பல்லவியிலேயே தொடங்கினால் முதல் வரியைப் பாதிப் பேர் தவறவிடுவார்கள்.

வெட்டும்போது இரண்டு முனைகளும் தட்டின் மேலேயே விழ வேண்டும். அலைவரைவைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு தட்டும் செங்குத்தாக எழுந்து நிற்கும். அதற்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்ட வேண்டும். இடம் குறித்துக்கொண்டு Z விசையை அழுத்தினால் அலை சுழியைக் கடக்கும் இடத்துக்கு நகர்ந்துகொள்ளும், ஒட்டில் ‘டிக்’ என்ற ஓசை வராது. ஒட்டை மெழுகிவிடலாம் என்று ஒரு விநாடிக்கு கிராஸ்ஃபேட் போட்டால் இரண்டு தபேலாக்கள் முன்பின்னாக வாசிப்பது போல ‘டட்-டட்’ என்று கேட்கும். அதை இருபது மில்லிவிநாடிக்குமேல் போட வேண்டாம். ஒட்டின இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காலால் தட்டியபடி கேட்க வேண்டும். கால் தடுமாறினால் வெட்டு தட்டில் விழவில்லை. சில பாட்டுகளில் இரண்டாவது சரணத்துக்கு மெட்டே வேறு, சிலவற்றில் கடைசிப் பல்லவி சுருதி ஏறிவிடும். அங்கே இந்தத் தாவல் எடுபடாது. இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டு முதல் பல்லவியையே நகலெடுத்துக் கடைசியில் ஒட்டலாம்.

ஒலியளவு

1991-இன் பாட்டும் 1999-இன் பாட்டும் அடுத்தடுத்து வந்தால் ஒலியளவு ஏறி இறங்கும். வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்த கோப்புகளில் இன்னும் மோசம். காதை நம்பாமல், ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருளால் அளந்துவிட வேண்டும்.

```
ffmpeg -i paattu.wav -af ebur128 -f null -
```

ஓடி முடிந்ததும் கடைசியில் `I:` என்று தொடங்கும் வரியில் ஒரு எண் வரும். அது பாட்டின் சராசரி ஒலியளவு, LUFS என்ற அலகில். எட்டுக்கும் −16 LUFS என்று வைத்துக்கொண்டோம். ஒரு கோப்பு −19.5 காட்டினால் 3.5 டெசிபல் ஏற்ற வேண்டும்.

```
ffmpeg -i paattu.wav -af volume=3.5dB -c:a pcm_f32le paattu_16.wav
```

தானாகச் சமன்செய்யும் loudnorm வடிகட்டியை நேரடியாக ஒரே ஓட்டத்தில் போட்டால், மெல்லத் தொடங்கும் புல்லாங்குழலையும் வயலினையும் அது தூக்கிவிடும், பல்லவி வந்ததும் அமுக்கும். இந்தப் பாட்டுகளின் அழகே அந்த மெல்லிய தொடக்கத்தில்தான் இருக்கிறது. முழுப் பாட்டையும் ஒரே அளவில் ஏற்றுவதே சரி. ஏற்றிய பிறகு மிருதங்கம், டிரம்ஸ் அடிகள் உச்சியில் முட்டினால் லிமிட்டரை −1 டெசிபலில் போட்டு அந்த முனைகளை மட்டும் அடக்கலாம்.

குரல் காணாமல் போகும் கேபிள்

வீட்டில் எல்லாம் சரியாக இருந்து, கூடத்தில் இசை மட்டும் வந்து பாடகரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால், கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்துப் பதற வேண்டாம். கேபிளைப் பார்க்க வேண்டும். லேப்டாப்பின் 3.5 மில்லிமீட்டர் குழியிலிருந்து வரும் ஸ்டீரியோ ஒயரின் மறுமுனையில் இரண்டு கறுப்பு வளையங்கள் உள்ள ஒற்றைத் தடிமன் பின் இருந்து, அது மிக்சரின் ஒரே ஒரு பேலன்ஸ்டு உள்ளீட்டில் செருகப்பட்டிருக்கும். அந்த உள்ளீடு இடது, வலது என்று பார்ப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. பாடகரின் குரல் பொதுவாக நடுவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். கழித்தால் மிச்சம் பூஜ்யம். பக்கவாட்டில் இருக்கும் வயலின்களும் எதிரொலியும் மட்டும் தப்பிக்கும். பேஸும் நடுவில்தான் இருக்கும் என்பதால் அதுவும் போய்விடும், ஓசை தகரம்போல ஆகிவிடும்.

ஒரு முனையில் சின்ன ஸ்டீரியோ பின்னும், மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ பின்னும் உள்ள ஒயரை வாங்கி, மிக்சரின் இரண்டு சேனல்களில் செருகுவதே சரியான தீர்வு. கிடைக்காவிட்டால் சேனல் இரண்டையும் கலந்து மோனோவாக்கி, அதை இடது பக்கத்தில் மட்டும் ஒலிக்கவிடலாம்.

```
ffmpeg -i paattu_16.wav -af "pan=stereo|c0=0.5*c0+0.5*c1|c1=0*c0" paattu_idathu.wav
```

இப்படிச் செய்தால் வலது பக்கம் வெறுமையாக இருப்பதால் கழிக்க எதுவும் இல்லை, குரல் திரும்பிவிடும். இந்தக் கோப்புகளின் ஒரு நகலைத் தனி ஃபோல்டரில் முன்கூட்டியே வைத்திருந்தால் கூடத்தில் பதற்றம் இல்லை. லேப்டாப்பின் அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட வேண்டும். போனிலிருந்து போடுவதானால் ஏரோபிளேன் மோடில்.

மைக் இரண்டுக்கு மேல் வேண்டாம். நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது அவர்கள் குரலே போதும். ஸ்பீக்கரைக் கூட்டத்தின் முன்னால், மைக் பிடிப்பவருக்கு முன்பக்கமாக வைக்க வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் மைக் ஸ்பீக்கரைப் பார்த்து நிற்கும், ‘ஊய்’ என்று கத்தும்.

வரித்தாள்

பல்லவி எல்லோருக்கும் தெரியும். சரணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். இரண்டு பேருக்கு ஒரு தாள், பதினாறு புள்ளி எழுத்து, ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டு. வரிகளைக் கவிதையாக மடக்காமல், பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் மடக்க வேண்டும். வெட்டி எடுத்த இரண்டாவது சரணத்தைத் தாளிலிருந்தும் நீக்க மறக்கக் கூடாது. அது தாளில் இருந்தால் பாதிப் பேர் அதைப் பாடத் தொடங்கிவிடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் ல, ள, ழ மாறிக் கிடக்கும், சில இடங்களில் சொல்லே மாறியிருக்கும். பாட்டை ஒருமுறை ஓடவிட்டுத் தாளோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்கு எட்டுப் பாட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்.

முடிவு

நிறையப் பாட்டுகள் முடிவதில்லை, தேய்ந்து மறைகின்றன. கேட்கும்போது இனிமையாக இருக்கும் அது, பாடும்போது சங்கடம். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். முதல் ஏழு பாட்டுக்கு, தேயத் தொடங்கும் முன்னாலேயே பல்லவியின் முதல் சொல் விழும் தட்டில் வெட்டி, அந்த ஒலியை ஒன்றரை விநாடி மங்கவிட்டால் போதும். எல்லோரும் ஒரே சொல்லில் நிற்பார்கள்.

எட்டாவதை மட்டும் வேறு மாதிரி வைத்தோம். கடைசிப் பல்லவியை நகலெடுத்து மேலும் ஒருமுறை ஒட்டி, அந்த இரண்டாவது முறையில் இசையை எட்டு விநாடியில் முழுக்க மங்கச் செய்து, பிறகு வெறும் மௌனம் இருபது விநாடி. தாளில் அந்த இடத்தில் ‘இங்கே இசை நின்றுவிடும், பாடிக்கொண்டே இருங்கள்’ என்று எழுத வேண்டும். முன்வரிசையில் இரண்டு பேர் கைத்தட்டலில் தாளத்தை விடாமல் பிடிக்க வேண்டும், அவர்களிடம் முன்னமே சொல்லிவைக்க வேண்டும். சுருதி கொஞ்சம் நழுவும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த இருபது விநாடியும் விடைபெறுகிறவர் காதில் விழுவது கூடவேலை பார்த்தவர்களின் குரல் மட்டும்தான்.